கர்வ் போடறதா, கட்டடம் வரையறதா: பம்ப் ஸ்பெக்கை விளக்க எது சரிப்படும்?

கோயம்புத்தூர்ல ஒரு சின்ன பம்ப் யூனிட்ல அப்ளிகேஷன் சைடு பாக்கறேன், அதாவது கான்ட்ராக்டர், டீலர், ஆர்ஓ பிளான்ட் பண்றவங்க இவங்கெல்லாம் "இந்த மாடல் எனக்கு ஒத்து வருமா"ன்னு கேட்டா பதில் சொல்ற ஆளு. எங்க கஸ்டமர் யாரும் வீட்டுக்கு ஒரு பம்ப் வாங்கறவங்க இல்ல, எல்லாருமே பிசினஸ்காரங்க, ஒரு ஆர்டர்ல பத்து இருபது எடுப்பாங்க. அதனால ஒரு தப்பு நடந்தா பத்து இருபது தடவை நடக்கும்.

போன வருஷம் அப்படித்தான் ஒண்ணு நடந்துச்சு. எங்க ஒன்றரை ஹெச்பி மோனோபிளாக் பாக்ஸ் மேல "மேக்ஸ் ஹெட் 40 மீட்டர், மேக்ஸ் டிஸ்சார்ஜ் 180 எல்பிஎம்"னு பெருசா அடிச்சிருக்கும். ஒரு கான்ட்ராக்டர் பன்னெண்டு மாடி பில்டிங்குக்கு ஆறு பம்ப் எடுத்துட்டு போனாரு. சம்ப்ல இருந்து மேல டேங்க் வரைக்கும் 38 மீட்டர், பம்ப் 40 மீட்டர் தூக்கும், ரெண்டு மீட்டர் மிச்சம் வேற, ஓகேன்னு கணக்கு போட்டாரு. மாட்டி சுவிட்ச் போட்டா மேல சொட்டு சொட்டா வருது. "ஏனுங்க தம்பி, பம்ப் ஓடுது, தண்ணி வரலைங்க"ன்னு போன். ஆறும் திரும்பி வந்துச்சு, டெஸ்ட் பெஞ்ச்ல போட்டு பாத்தா ஆறும் கரெக்டா இருக்குது. பம்ப் மேல தப்பு இல்ல, பாக்ஸ்ல அச்சடிச்சதும் பொய் இல்ல, அந்த மனுஷன் படிச்சதும் அச்சடிச்சபடிதான். ஆனா 40 மீட்டர்ல அந்த பம்ப் குடுக்கற தண்ணி சைபர். அதுதான் மேக்ஸ் ஹெட்டுக்கு அர்த்தமே, வால்வை முழுசா மூடிட்டா கேஜ்ல எவ்வளவு காட்டுதோ அது. அதே மாதிரி 180 எல்பிஎம் வரணும்னா ஹெட் 14 மீட்டர் பக்கத்துல இருக்கணும். ரெண்டு நம்பரும் உண்மை, ஆனா ரெண்டும் ஒரே நேரத்துல ஒரு நாளும் வராது. பாக்ஸ்ல பக்கத்துல பக்கத்துல போட்டா படிக்கறவங்க சேத்துதான் படிப்பாங்க, அது மனுஷ சுபாவம்.

இதுக்கப்புறம்தான் முதலாளி சொன்னாரு, வாரம் ஒரு ஸ்பெக் எடுத்து சின்னதா போஸ்ட் போடு, டீலர் குரூப், கான்ட்ராக்டர் குரூப், லிங்க்ட்இன் எல்லாத்துலயும் போகட்டும்னு. சரின்னு உக்காந்தா முதல் கேள்வியே எப்படி போடறதுன்னுதான். எங்க முன்னாடி நாலு வழி இருந்துச்சு. கேட்டலாக்ல இருக்கற பெர்ஃபார்மன்ஸ் கர்வை அப்படியே போட்டோவா போடறது, படமே இல்லாம நாலு வரி எழுதி போடறது, மார்க்கர்ல கையால ஒரு படம் வரைஞ்சு போட்டோ எடுத்து போடறது, டிசைனர்கிட்ட குடுத்து கலர் கலரா பண்ணி வாங்கறது. நாலையும் அதே ஒன்றரை ஹெச்பி மாடலுக்கே பண்ணி பாத்தோம், அதனால ஒப்பிட முடியுது. இதே முடிவுல நிக்கற வேற யூனிட்காரங்களுக்கு உதவும்னு எழுதறேன்.

முதல்ல கர்வ். செலவே இல்ல, ஏற்கனவே இருக்குது, தப்பும் இருக்காது, டெஸ்ட் பெஞ்ச்ல எடுத்தது. அதான் எங்க புரொடக்ஷன் அண்ணன் "இதுக்கு மேல என்னடா விளக்கணும், எல்லாம் இதுலயே இருக்குதே"ன்னாரு. இருக்குது, ஆனா போன்ல போய் பாருங்க. எங்க கேட்டலாக் பக்கத்துல ஒரே கிராஃப்ல எட்டு மாடலோட கர்வ் ஒண்ணு மேல ஒண்ணா ஓடும், பின்னாடி பொடி கட்டம், ஓரத்துல எட்டு பாயிண்ட் எழுத்து. வாட்ஸ்அப் அதை கம்ப்ரெஸ் பண்ணி அனுப்பறப்ப கட்டமெல்லாம் சாம்பல் பூசின மாதிரி ஆயிடும், எந்த கோடு எந்த மாடல்னு தெரியாது. டாக்குமெண்டா அனுப்பினா குவாலிட்டி குறையாது, ஆனா டாக்குமெண்டை சைட்ல நிக்கறவன் திறக்க மாட்டான். இதெல்லாம் விடுங்க, பெரிய பிரச்சனை வேற. கர்வ் படிக்க தெரியணும்னா படிக்கறவர்கிட்ட அவரோட ஹெட் ரெடியா இருக்கணும். இடது பக்கம் 26 மீட்டர் பாத்து, குறுக்க போய் கோட்டை தொட்டு, கீழ இறங்கி 120 எல்பிஎம் படிக்கணும். அந்த 26 எங்க இருந்து வரும்னு கர்வ் சொல்லாது, அது பம்ப்ல இல்ல, அவர் பில்டிங்ல இருக்குது. எங்க கான்ட்ராக்டர் மாட்டினதும் கரெக்டா அந்த இடத்துலதான்.

கர்வ் போஸ்ட்டுக்கு ரெண்டே பேர் பதில் போட்டாங்க. ஒருத்தர் எம்இபி கன்சல்டன்ட், எஃபிஷியன்சி கர்வும் சேத்து அனுப்புங்கன்னு கேட்டாரு. இன்னொருத்தர் ஆர்ஓ ஸ்கிட் அசெம்பிள் பண்றவர், அவருக்கு டேபிளா வேணுமாம். ரெண்டு பேருமே படிக்க தெரிஞ்சவங்க, அவங்களுக்கு போஸ்ட்டே தேவையில்ல, பிடிஎஃப் போதும். யாருக்கு தேவையோ அவங்க அதை தாண்டி போயிட்டாங்க.

அடுத்து எழுத்து மட்டும். இதுக்கு நான் எழுதினது இது:

"பாக்ஸ்ல இருக்கற மேக்ஸ் ஹெட்ல தண்ணி வராதுங்க. அந்த உயரத்துல பம்ப் தள்ளி நிறுத்தி வைக்கும், அவ்வளவுதான். உங்க ஹெட்டுக்கு எத்தன எல்பிஎம்னு டேபிள்ல பாத்துட்டு ஆர்டர் போடுங்க. சந்தேகம்னா ஹெட்டை மட்டும் அனுப்புங்க, நாங்க சொல்றோம்."

நல்லாத்தான் இருக்குது, சுருக்கமா இருக்குது, டைப் பண்ண அஞ்சு நிமிஷம். பதிலும் வந்துச்சு, ஆனா வந்த பதில் எல்லாமே "நம்மளுது 60 அடிங்க", "5 மாடிங்க", "பைப் 150 அடி போகுதுங்க"ன்னு. ஹெட்டுன்னா மாடி உயரம்னு ஒருத்தர், பைப் நீளம்னு ஒருத்தர், பூமியில இருந்து டேங்க் வரைக்கும்னு ஒருத்தர், சம்ப் ஆழத்தை யாருமே சேக்கல. ஒரே வார்த்தையை ஆளாளுக்கு வேற வேற மாதிரி புரிஞ்சுக்கறப்ப அந்த வார்த்தையை வெச்சு எழுதினா எப்படி போய் சேரும். எழுத்து தோத்தது அங்கதான்.

அப்புறம்தான் கையால வரைஞ்சது. ஏ5 வெள்ளை பேப்பர், தடிமனான கருப்பு மார்க்கர், தண்ணிக்கு மட்டும் நீலம். ஒரு பெட்டி, அதுக்குள்ள நாலு குறுக்குக் கோடு, அஞ்சு மாடி ஆச்சு. மேல டேங்க். தரைக்கு கீழ சம்ப், தரைமட்டத்துல பம்புக்கு ஒரு வட்டம். வட்டத்துல இருந்து மேல டேங்க் வாய் வரைக்கும் ஒரு அம்புக்குறி, 18 மீட்டர், பக்கத்துல 59 அடி. வட்டத்துல இருந்து கீழ சம்ப் தண்ணி மட்டம் வரைக்கும் இன்னொரு அம்புக்குறி, 3 மீட்டர், 10 அடி. சம்ப்ல தண்ணி நிரம்பி இருக்கறப்ப எடுத்த மட்டம் இல்ல, வத்தி கடைசியா எடுக்கற மட்டம், அதையும் படத்துலயே எழுதியாச்சு. பைப் பக்கத்துல ஒரு சின்ன சுருள், "உரசல் 5 மீட்டர்". கீழ கூட்டல்: 18 + 3 + 5 = 26. அதுக்கு கீழ "26 மீட்டர்ல நிமிஷத்துக்கு 120 லிட்டர். 5000 லிட்டர் டேங்க் 42 நிமிஷத்துல நிறையும்". அவ்வளவுதான் படம்.

இந்த 42 நிமிஷம்கறது முக்கியம்னு அப்புறம்தான் புரிஞ்சுது. எல்பிஎம்னா கான்ட்ராக்டருக்கு தெரியும், ஆனா அவர் யாருக்கு பதில் சொல்லணும்னா அசோசியேஷன்காரங்களுக்கு, அவங்க கேக்கறது "எவ்வளவு நேரம் ஓடும்"னுதான். டேங்க் நிறைய ஆகற நேரத்தை போட்டவுடனே அந்த படத்தை அவர் அவங்களுக்கு ஃபார்வர்ட் பண்ணிட்டாரு, எங்க வேலையை அவர் பண்ணினாரு. (எங்க தொழில்லயே சிலர் பாக்ஸ்ல எல்பிஎம் போடாம எல்பிஹெச் போடுவாங்க, 120ன்னு போடறதுக்கு பதில் 7200ன்னு போட்டா பெருசா தெரியுதுல்ல. ரெண்டும் ஒண்ணுதான். கன்சல்டன்ட் வந்தா அதையே மணிக்கு 7.2 கன மீட்டர்னு கேப்பாரு.)

பதில் இந்த தடவை வேற மாதிரி வந்துச்சு. ஒரு பிளம்பிங் கான்ட்ராக்டர் அதே படத்தை அவர் நோட்டுல வரைஞ்சு, அவர் நம்பரை போட்டு, போட்டோ எடுத்து அனுப்பினாரு. அங்கேயே எனக்கு எது ஜெயிச்சுதுன்னு முடிவாயிடுச்சு. டிசைனர் பண்ணின படத்தை யாரும் திருப்பி வரைய மாட்டாங்க, மார்க்கர்ல வரைஞ்சதை வரைவாங்க. அவர் அனுப்பினதுல சம்ப் ஆழம் இருந்துச்சு, டேங்க் வாய் உயரம் இருந்துச்சு, பைப் சைஸ் மட்டும் இல்ல. ஆக எனக்கு கேக்க வேண்டியது ஒரே கேள்வி.

அந்த பைப் சைஸை பத்தி கொஞ்சம் நிறுத்தி சொல்றேன், ஏன்னா படம் வரையறதுல எங்களுக்கு பெரிய அடி விழுந்ததும் அங்கதான், பெரிய லாபம் கெடச்சதும் அங்கதான்.

முதல் படத்துல "உரசல் 5 மீட்டர்"னு மட்டும் போட்டிருந்தேன். அது ஒண்ணேகால் இன்ச் யுபிவிசி பைப்புக்கு போட்ட கணக்கு, 30 மீட்டர் பைப், எல்போ வால்வெல்லாம் சேத்து 38 மீட்டர் பைப்புக்கு சமம்னு எடுத்துக்கிட்டது. நிமிஷத்துக்கு 120 லிட்டர் போறப்ப ஒண்ணேகால் இன்ச்ல மீட்டருக்கு 14 சென்டிமீட்டர் ஹெட் உரசல்லயே போயிடும், 38 மீட்டருக்கு அஞ்சேகால் மீட்டர் வருது, அதை 5ன்னு எழுதிட்டேன். ஒரு சைட்ல படத்தை பாத்து அப்படியே பண்ணினாங்க, ஆனா கைவசம் இருந்தது ஒரு இன்ச் பைப். ஒரு இன்ச்ல அதே 120 லிட்டரை தள்ளணும்னா உரசல் 20 மீட்டர். கால் இன்ச் குறைச்சதுக்கு நாலு மடங்கு. 21 மீட்டர் உயரத்தோட 20 சேந்தா 41, பம்போட மேக்ஸ் ஹெட்டே 40 தானே, அப்போ 120 லிட்டர் வரவே வராது. நெஜத்துல என்ன ஆகும்னா தண்ணி குறையும், குறைஞ்சா உரசலும் குறையும், ரெண்டும் ஒரு இடத்துல சமரசம் ஆகி நிக்கும். எங்க பம்ப் 26 மீட்டர்ல 120, 32 மீட்டர்ல 80 லிட்டர் குடுக்கும், அதை வெச்சு பாத்தா ஒரு இன்ச் பைப்ல அந்த சமரசம் 84 லிட்டர் பக்கத்துல வருது. டேங்க் நிறைய 42 நிமிஷத்துக்கு பதில் ஒரு மணி நேரம். சைட்ல இருந்து "உங்க படத்துல 42ன்னு போட்டிருக்கு, இங்க ஒரு மணி நேரம் ஓடுது, பம்ப் வீக்கு"ன்னு கம்ப்ளெயின்ட். நியாயம்தான், படத்துல பைப் சைஸை நான் எழுதல.

சரி, இதையே அடுத்த போஸ்ட்டா போடலாம்னு ஒரே பில்டிங்கை பக்கத்துல பக்கத்துல ரெண்டு தடவை வரைஞ்சேன். ஒண்ணுல தடி பைப், இன்னொண்ணுல ஒல்லி பைப், அதே பம்ப், அதே டேங்க், அதே உயரம். கீழ ஒரு பக்கம் "ஒண்ணேகால் இன்ச், 42 நிமிஷம்", இன்னொரு பக்கம் "ஒரு இன்ச், 60 நிமிஷம்". வேற எதுவும் எழுதல. நாங்க போட்டதுலயே அதிகமா ஃபார்வர்ட் ஆனது இதுதான். ஒரு டீலர் பிரிண்ட் எடுத்து கவுன்டர்ல ஒட்டி வெச்சிருக்காரு. அதோட "பத்து மீட்டர் படுக்கை பைப்புக்கு ஒரு மீட்டர் ஹெட் சேத்துக்கோ"ன்னு பிளம்பர்ங்க காலகாலமா சொல்ற கணக்கு எங்க சரி எங்க தப்புன்னும் இதுலயே தெரிஞ்சுடுது. ஒண்ணேகால் இன்ச்ல இந்த தண்ணிக்கு பத்து மீட்டருக்கு 1.4 மீட்டர், கிட்டத்தட்ட அந்த கணக்கு பக்கத்துல வந்துடுது. ஒரு இன்ச்ல அஞ்சு மீட்டருக்கு மேல, அந்த கணக்கு கவுந்துடும். இதையே கர்வா போட்டா பம்ப் கர்வ் மேல ரெண்டு சிஸ்டம் கர்வ் போட்டு வெட்டற புள்ளியை காட்டணும், காலேஜ்ல அப்படித்தான் சொல்லி குடுப்பாங்க, ஆனா குரூப்ல ஒருத்தரும் நின்னு பாக்க மாட்டாங்க.

இப்ப டிசைனர். ஒரு பொண்ணு ஃப்ரீலான்ஸா பண்றாங்க, நல்ல கை. நான் வரைஞ்ச அதே பில்டிங்கை குடுத்தேன். மூணு நாள்ல வந்துச்சு, பாக்க அம்சமா இருக்குது, ஜன்னல், செடி, மேகம், எங்க லோகோ, பம்போட த்ரீடி படம். ஆனா சம்ப்ல இருந்து வர்ற சக்ஷன் பைப்பை அழகுக்காக சாய்வா போட்டிருந்தாங்க, அம்புக்குறியும் பைப் கூடவே சாய்ஞ்சு போகுது. அதை பாத்தா 3 மீட்டர்கறது பைப் நீளம்னுதான் அர்த்தம் வரும். உயரத்துக்கு அம்புக்குறி செங்குத்தாத்தான் போகணும், பைப் எப்படி வேணா வளைஞ்சு போகட்டும்னு சொன்னேன், திருத்தி வர இன்னும் ரெண்டு நாள். அப்புறம் "26 மீ"ங்கறதுல 2 எகிறி, 6 மட்டும் நின்னுடுச்சு, அதையும் பாக்காம போஸ்ட் போட்டிருந்தா எங்க கதை முடிஞ்சுது. அவங்க மேல தப்பு சொல்லல, அவங்களுக்கு அது ஒரு பில்டிங் படம், எனக்கு அது ஒரு ஸ்பெக். விஷயம் தெரியாதவங்க கைக்கு போற படத்துல தப்பு அழகா உள்ள வந்து உக்காந்துக்கும், அழகா இருக்கறதாலயே யாரும் சந்தேகப்பட மாட்டாங்க.

ஆனா டிசைனரை வேண்டாம்னு ஒரேயடியா தள்ளவும் முடியல. ஆறு மாசமா கையால போட்ட படத்துல எது நின்னுதோ, எதுக்கு கேள்வி வராம போச்சோ, அதை மட்டும் குடுத்து எக்ஸிபிஷனுக்கும் டீலர் கவுன்டருக்கும் ஸ்டாண்டியா பண்ணினோம். அதாவது முதல்ல மார்க்கர், நாலு பேர் தப்பு கண்டுபிடிச்சு அடிச்சு திருத்தி, கடைசியா டிசைனர். இந்த வரிசையை மாத்தினா காசு போகும். மார்க்கர் படத்துல தப்பு இருந்தா பத்து நிமிஷத்துல வேற பேப்பர்ல வரைஞ்சு போட்டுடலாம், மூணு நாள் வெயிட் பண்ணி காசு குடுத்து வாங்கினதை தப்புன்னு தெரிஞ்சும் தூக்க மனசு வராது, பாத்திருக்கேன்.

எல்லா ஸ்பெக்குக்கும் படம்தான் சரின்னு நெனச்சு அடுத்து மோட்டரோட ஐபி ரேட்டிங்கை வரைய போனேன், அங்க மாட்டிக்கிட்டேன். ஐபி 55ன்னா முதல் 5 தூசிக்கு, ரெண்டாவது 5 தண்ணிக்கு. மோட்டர் மேல ஹோஸ்ல தண்ணி அடிக்கற மாதிரி ஒரு படம் வரைஞ்சேன். பாத்த ஒரு டீலர் "அப்ப மழையில நனைஞ்சாலும், சம்ப் ரூம்ல தண்ணி நின்னாலும் பரவால்லைங்களா"ன்னு கேட்டாரு. படத்துல தண்ணி இருக்குது, மோட்டர் இருக்குது, மூழ்கறதுக்கும் பீய்ச்சறதுக்கும் வித்தியாசம் படத்துல தெரியாது, "இது ஆகாது"ங்கறதை வரையறது கஷ்டம். அதுக்கு ரெண்டு வரி போதுமா இருந்துச்சு:

"ஐபி 55: ஹோஸ்ல தண்ணி அடிச்சா தாங்கும். தண்ணிக்குள்ள மூழ்கினா தாங்காது. பம்ப் ரூம்ல தண்ணி நிக்கும்னா மேடை கட்டி வைங்க, இல்லன்னா சப்மெர்சிபிள் எடுங்க."

இதே மாதிரிதான் இன்சுலேஷன் கிளாஸ், வோல்டேஜ் ரேஞ்ச் எல்லாம். கிளாஸ் எஃப்ன்னா வைண்டிங் 155 டிகிரி வரைக்கும் தாங்கற மாதிரி இன்சுலேஷன், இதுக்கு என்னத்த வரையறது, தெர்மாமீட்டரா? தூரம், உயரம், தடிமன், நேரம் இதெல்லாம் படத்துக்கு தானா வந்து உக்காரும். வரம்பு, தடை, "ஆகும் ஆகாது" இதெல்லாம் எழுத்துக்கு. எங்க அனுபவத்துல இந்த கோடு நல்லா தெளிவா இருக்குது.

ரெண்டும் சேந்து வேணும்கற ஒரு கேஸ் சக்ஷன் லிஃப்ட். பம்ப் மேல இருக்குது, தண்ணி கீழ இருக்குது, எவ்வளவு ஆழத்துல இருந்து இழுக்கும்? பம்ப் இழுக்கறதே இல்ல, வெளிக்காத்துதான் தண்ணியை பைப்புக்குள்ள தள்ளிவிடுது, அது கடல் மட்டத்துல அதிகபட்சம் 10.3 மீட்டர் தள்ளும், அதுவும் உள்ள முழு வெற்றிடம் இருந்தா. உரசல், ஃபுட் வால்வு, பம்ப் உள்ள நடக்கற இழப்பு எல்லாம் போக 6, 7 மீட்டர்தான் கைக்கு நிக்கும். ஹெச்பி ஏத்தினாலும் இது ஏறாது, இதைத்தான் யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. இதுக்கு ரெண்டு கிணறு வரைஞ்சேன், ரெண்டுலயும் தண்ணி 9 மீட்டர் ஆழத்துல, ஒண்ணு மேல ஒரு ஹெச்பி பம்ப், இன்னொண்ணு மேல அஞ்சு ஹெச்பி பம்ப் பெருசா, ரெண்டு பைப்லயும் தண்ணி அதே 7 மீட்டர் உயரத்துல ஏறி நிக்குது. படம் அதோட நிறுத்தியாச்சு. கீழ எழுத்துல ஒரு வரி, "பெரிய பம்ப் வாங்கினா ஆழத்துல இருந்து இழுக்காது, பம்பை கீழ இறக்குங்க". ஊட்டி சைடு ரிசார்ட் வேலை எடுக்கறவங்களுக்கு இன்னொரு வரி சேத்தோம், அங்க 2200 மீட்டருக்கு மேல உயரம், காத்தோட அழுத்தம் குறைவு, 10.3 இருக்கற இடத்துல 8 மீட்டர் கூட முழுசா வராது. கோயம்புத்தூர்ல இழுத்த பம்ப் அங்க ஏன் இழுக்கலங்கறதுக்கு அதுதான் காரணம். இதை படத்துல போட்டிருந்தா மலை, கடல், பாரோமீட்டர்னு எங்கயோ போயிருக்கும்.

இன்னொரு விஷயம், இது எந்த வழி எடுத்தாலும் பொருந்தும், நாங்க அடிபட்டு கத்துக்கிட்டது. ஃபார்வர்ட் ஆகறப்ப படம் மட்டும் போகும், கீழ எழுதின கேப்ஷன் பெரும்பாலும் அங்கேயே விழுந்துடும். ஸ்டேட்டஸ்ல இருந்து ஸ்க்ரீன்ஷாட் எடுத்தாலும் அப்படித்தான். அதனால மாடல் பேரு, பைப் சைஸ், மீட்டரா அடியாங்கறது, தேதி, இந்த நாலும் பேப்பர்லயே மார்க்கர்ல இருக்கணும். தேதி எதுக்குன்னா, நாங்க இம்பெல்லர் மாத்தினோம், புது இம்பெல்லர்ல நம்பர் கொஞ்சம் மாறிடுச்சு, பழைய படம் இன்னும் குரூப்ல சுத்துது. தேதி இருந்தா "அது பழசுங்க"ன்னு ஒரு வார்த்தையில முடியும், இல்லன்னா சண்டை.

அப்புறம் பர்ச்சேஸ் ஆர்டர் விஷயம். ஒரு கம்பெனி பர்ச்சேஸ்ல இருந்து எங்க மார்க்கர் படத்தையே பிஓ கூட அட்டாச் பண்ணி அனுப்பினாங்க, "as per attached"னு போட்டு. எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமா இருந்துச்சு, அடுத்த நிமிஷம் பயமா இருந்துச்சு. படத்துல 120 எல்பிஎம்னா 120தான், டாலரன்ஸ் இல்ல. டேட்டாஷீட்ல ஐஎஸ்ஓ 9906 கிரேடு 2பின்னு போட்டிருப்போம், அதுல ஃப்ளோ 8 சதவீதம், ஹெட் 5 சதவீதம் முன்ன பின்ன இருக்கலாம்னு இருக்குது. 120ல 8 சதவீதம் கிட்டத்தட்ட 10 லிட்டர், 111 வந்தாலும் டெஸ்ட்ல பாஸ். படத்தை வெச்சு பாத்தா அது ஃபெயில். அவங்களை கூப்ட்டு டேட்டாஷீட் நம்பரை பிஓல போட வெச்சோம், அதுக்கப்புறம் எல்லா படத்தோட ஓரத்துலயும் "புரியறதுக்கு மட்டும், ஆர்டருக்கு டேட்டாஷீட்"னு டேட்டாஷீட் நம்பரோட எழுதறோம். கன்சல்டன்ட், ஆர்ஓ ஸ்கிட்காரங்க மாதிரி ஆளுங்களுக்கு நான் இப்பவும் படம் அனுப்பறதில்ல, அவங்களுக்கு ஒரு மாடலுக்கு ஒரு பக்கம், ஒரே கர்வ், பெரிய எழுத்து, எஃபிஷியன்சியோட. எட்டு கர்வ் ஒரே பக்கத்துல போடறதை மட்டும் அவங்களுக்கும் நிறுத்திட்டோம்.

எங்க முடிவுன்னு கேட்டா, உயரம் பைப் நேரம் சம்பந்தப்பட்டது எல்லாம் மார்க்கர் படம், ஒரு படத்துல ஒரே மாடல் ஒரே பில்டிங், மூணு நாலு நம்பருக்கு மேல கெடையாது. ஆகும் ஆகாதுன்னு சொல்ல வேண்டியது ரெண்டு வரி எழுத்து. டிசைனருக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவை. இதுல ஒரு சந்தேகம் எனக்கு இன்னும் இருக்குது, பாக்ஸ்ல அந்த ரெண்டு மேக்ஸ் நம்பரையும் எடுத்துட்டு அந்த இடத்துல மூணு ஹெட்டுக்கு மூணு டிஸ்சார்ஜ்னு போடலாம்னு நான் சொல்றேன், 20ல 150, 26ல 120, 32ல 80ன்னு. சேல்ஸ்காரங்க ஒத்துக்க மாட்டேங்கறாங்க, பக்கத்து ஷெல்ஃப்ல வேற கம்பெனி பாக்ஸ் 40ன்னு காட்டும், நம்மளுது 32ன்னு தெரியும், டீலர் எதை எடுப்பாருன்னு கேக்கறாங்க. அதுக்கு என்கிட்ட இன்னும் சரியான பதில் இல்ல. இப்போதைக்கு பாக்ஸ் மூடிக்கு உள்பக்கம் அந்த அஞ்சு மாடி படத்தை அச்சடிச்சிருக்கோம், வெளிய 40, திறந்தா 26.